பணம் மீட்டுத் தர்றோம், முதல்ல கட்டணம் கட்டுங்க!

2025 அக்டோபர் 7, ராத்திரி பதினோரு மணி. என் சித்தப்பா பையன் போன் பண்ணினான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அவங்க வீடு. சித்தப்பா பட்டு நெசவாளர், வீட்டிலேயே தறி.

"அண்ணா, அக்கவுண்ட் நம்பர்ல ஒரே ஒரு எண்ணைத் தப்பா போட்டா ரிசர்வ் பேங்க் பணத்தை ஃப்ரீஸ் பண்ணிடுமா?"

கேள்வியே வித்தியாசமா இருந்தது. எந்தப் பணம், யார் சொன்னாங்கன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் ஒன்றொன்றாக வெளியே வந்தது. ஏழு மாதத்தில் ரம்மி செயலியில் 1,40,000 ரூபாய், நிறம் கணிக்கும் ஒரு செயலியில் 46,000 ரூபாய், ஆக மொத்தம் 1,86,000 ரூபாய் போயிருந்தது. அதை 'மீட்டுத் தருவதாக' வந்தவர்களிடம் ஒரு மாதத்துக்குள் இன்னொரு 42,699 ரூபாய் கட்டியிருந்தான். அன்று ராத்திரி அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது ஐந்தாவது கட்டணம், 18,500 ரூபாய்.

முதல் நஷ்டத்தைப் பற்றி நாம நிறைய படிச்சிருக்கோம். இந்தக் கட்டுரை இரண்டாவது நஷ்டத்தைப் பற்றியது. சூதில் விட்ட பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி முன்கட்டணம் வாங்கும் மோசடி எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் அதைக் கண்டுபிடிக்கலாம் என்பதை அவனுடைய கணக்கை வைத்தே பார்ப்போம். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

'போன பணம்' எல்லாம் ஒன்றல்ல

மோசடி பிடிபடாமல் இருப்பதற்கு முதல் காரணம், நாம எல்லா நஷ்டத்தையும் 'பணம் போச்சு' என்று ஒரே வார்த்தையில் சொல்வது. உண்மையில் அதில் மூன்று வகை இருக்கிறது. மீட்கும் வழியும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

முதல் வகை, ஆடித் தோற்ற பணம். தம்பியின் 1,40,000 ரூபாய் இந்த வகை. அந்தப் பணத்தை யாரும் திருடவில்லை. எதிரே ஆடி ஜெயித்தவர்களுக்கு ஒரு பங்கு போனது, செயலி நடத்தியவருக்குக் கமிஷனாக ஒரு பங்கு போனது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30-வது பிரிவில், பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஜெயித்தவர் அந்தப் பணத்தை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. அதேபோல், தோற்றுக் கொடுத்து முடித்தவர் திருப்பிக் கேட்கவும் அந்தப் பிரிவு வழி தரவில்லை. 'ரம்மி பந்தயம் இல்லை, திறமை ஆட்டம்' என்று வாதாடினாலும் விடை மாறாது. திறமை ஆட்டத்தில் ஒழுங்காகத் தோற்றவருக்கு யார் மீது வழக்கு?

இரண்டாவது வகை, செயலியின் வாலெட்டில் ஆடாமல் மிச்சம் இருந்த பணம். 2025 ஆகஸ்ட் 22-ம் தேதி ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். அதையொட்டிப் பெரிய நிறுவனங்கள் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நிறுத்தின. அப்போது வாலெட்டில் மிச்சம் இருந்திருந்தால் அது ஆடியவரின் பணம். அதை அதே செயலியிடம்தான் கேட்க வேண்டும். நடுவில் ஒரு ஆள் தேவையில்லை.

மூன்றாவது வகை, ஏமாற்றி வாங்கிய பணம். தம்பியின் 46,000 ரூபாய் இந்த வகை. அந்த நிறம் கணிக்கும் செயலியில் அவன் கணக்கில் பணம் இருப்பதாகவே திரை காட்டியது. எடுக்கப் போனால் மட்டும் வரவில்லை. இதற்குப் பெயர் மோசடி. இதற்குத்தான் போலீஸ் புகார், வங்கி முடக்கம், நீதிமன்றம் எல்லாம். புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.

மீட்டுத் தருவதாகச் சொன்னவர்கள் வகை பிரிக்காமல் எல்லாவற்றையும் கூட்டி 1,86,000 என்று ஒரே எண்ணாக எழுதிக்கொண்டார்கள். 'எந்தச் செயலியில், எப்படிப் போச்சு?' என்று ஒரு தடவைகூட அவர்கள் கேட்கவில்லை. 'மொத்தம் எவ்வளவு?' என்பது மட்டும்தான் கேள்வி. உண்மையாகவே பணத்தை மீட்கிற எவரும் முதலில் கேட்பது 'எப்படிப் போச்சு' என்பதைத்தான்.

நாலு கட்டணம், ஒரு ரூபாய் வரவு

தடைச் சட்டம் வந்த சில நாளில் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. 'ஆன்லைன் ஆட்டத்தில் நஷ்டப்பட்டவர்களுக்கு அரசு பணம் திருப்பித் தருகிறது, விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்குகிறது' என்று இருந்தது. அந்தச் சட்டத்தில் அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. ஆட்டம் நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவர் ஆகியோருக்குத் தண்டனை உண்டு. தோற்றவருக்கு நஷ்ட ஈடு இல்லை. ஆனால் சட்டம் வந்ததும், ஆட்டங்கள் நின்றதும் உண்மை. உண்மைச் செய்தியோடு சேர்ந்து வந்ததால் பொய்யையும் நம்பிவிட்டான்.

இணைப்பைத் தொட்டதும் ஒரு படிவம் திறந்தது. பெயர், செல்போன் எண், இழந்த தொகை, வங்கிக் கணக்கு விவரம், பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கேட்டது. நிரப்பி அனுப்பினான். மறுநாள் ஒருவர் போன் செய்து, "உங்க ஃபைல்ல 1,86,000 காட்டுது சார்" என்றார். 'என் தொகை அவங்களுக்கே தெரிஞ்சிருக்கே' என்று தம்பிக்கு நம்பிக்கை வந்தது. அந்தத் தொகையை முந்தின நாள் படிவத்தில் எழுதிக் கொடுத்ததே அவன்தான்! எங்களிடம் அதைச் சொல்லும்போதுதான் அவனுக்கே அது உறைத்தது.

அதற்குப் பிறகு நடந்தது இது:

- செப்டம்பர் 8: பதிவுக் கட்டணம் 999 ரூபாய்.
- செப்டம்பர் 10: 'கணக்குச் சரிபார்ப்பு' என்று தம்பியின் கணக்குக்கு 1 ரூபாய் வந்தது.
- செப்டம்பர் 11: வழக்குக் கோப்பு தயாரிக்க 4,500 ரூபாய்.
- செப்டம்பர் 16: மொத்தத் தொகையில் 5 சதவீதம் செயலாக்கக் கட்டணம், 9,300 ரூபாய்.
- அக்டோபர் 6: 30 சதவீத டிடிஎஸ் 55,800 ரூபாய். இரண்டு தவணையாகக் கட்டலாம் என்று சலுகை. முதல் தவணை 27,900 ரூபாய்.

இதில் முக்கியமான வரி அந்த ஒரு ரூபாய். வங்கிகளும் கணக்கு எண் சரியா என்று பார்க்க ஒரு ரூபாய் அனுப்பிச் சோதிப்பது வழக்கம். அதனால் அது அலுவலக நடைமுறை போலவே தெரிந்தது. 'பணம் அவங்ககிட்ட இருந்து என் பக்கம் வருது' என்று மனம் அங்கேதான் ஒப்புக்கொண்டது. ஒரு ரூபாய் செலவில் அடுத்த மூன்று கட்டணத்துக்கும் வழி திறந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்க. 999-இல் தொடங்கி 27,900 வரை ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியது. ஆனால் ஒவ்வொன்றையும் வரப்போகும் 1,86,000-உடன் ஒப்பிட்டால் சின்னதாகத் தெரியும். முதல் நாளே 42,699 கேட்டிருந்தால் தம்பி இணைப்பை மூடியிருப்பான். மூன்றாவது கட்டணம் வரும்போது 'இதோட நிறுத்தினா ஏற்கெனவே கட்டின 5,499-உம் போயிடுமே' என்ற எண்ணம் சேர்ந்துகொண்டது. போனதைப் பிடிக்க இன்னும் ஒரு ஆட்டம் என்று ரம்மியில் உட்கார வைத்த அதே எண்ணம்தான் இது. சூதில் தோற்றவரை இவர்கள் தேடி வருவதற்குக் காரணமும் அதுவே. அந்தப் பழக்கம் அவரிடம் தயாராக இருக்கிறது.

'வர்ற பணத்துலயே கழிச்சுக்கங்க'

அக்டோபர் 7 ராத்திரிக்கு வருவோம். அன்று மதியம் தம்பியின் 'கணக்குப் பக்கத்தில்' சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அவன் கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணில் கடைசி எண் தவறாம். அதனால் ரிசர்வ் வங்கி பணத்தை முடக்கிவிட்டதாம். முடக்கத்தை நீக்க 18,500 ரூபாய். தம்பி தன் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தால் திரையில் உள்ள எண் உண்மையிலேயே ஓர் இலக்கம் மாறியிருந்தது. 'நாமதான் தப்பா அடிச்சிட்டோம் போல' என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆனால் அந்த ஒரு ரூபாய் சரியான கணக்குக்குத்தானே வந்தது? சரியாகக் கொடுத்த எண்ணைப் பிறகு மாற்றியது அவர்கள். தவறு நம்முடையது என்று ஆகிவிட்டால் அபராதம் கட்டத் தயங்க மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த உரையாடலை முழுவதும் படித்தேன். ஓரிடத்தில் தம்பி "டிடிஎஸ் ரெண்டாவது தவணை 27,900 என்கிட்ட இல்ல சார்" என்று எழுதியிருந்தான். பதில்: "பரவாயில்லை, அதை உங்களுக்கு வர்ற பணத்துல கழிச்சுக்கறோம். 18,500 மட்டும் இப்ப அனுப்புங்க."

"27,900-ஐக் கழிச்சுக்க முடியும்னா 18,500-ஐயும் கழிச்சுக்க முடியும்தானே? அதைக் கேளு" என்றேன்.

கேட்டான். அரை மணி நேரம் பதில் இல்லை. பிறகு "விதிமுறை அனுமதிக்காது" என்று வந்தது. தம்பி மறுபடி அதையே கேட்டான். அடுத்த பதில் வரவில்லை. அந்த எண் அவனைத் தடுத்துவிட்டது.

இந்த மோசடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது. ஒருவர் கையில் உங்கள் பணம் நிஜமாகவே இருந்தால், தன் கட்டணத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டு மீதியைத் தருவதுதான் அவருக்குச் சுலபம். உங்களை நம்பிக் காத்திருக்கத் தேவையில்லை. தனியாகக் கட்டச் சொல்கிறார் என்றால் கழிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கூட்டுறவுச் சங்கத்தில் நெசவாளரின் சேமிப்புத் திட்டத் தொகையைக் கூலியிலிருந்தே பிடிப்பார்கள். தனியார் முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அதையும் கூலியில் கழிப்பார்கள். 'கூலி தயாரா இருக்கு, முதல்ல பிடித்தத் தொகையைக் கொண்டு வந்து கட்டிட்டு வாங்கிக்கோ' என்று யாராவது சொன்னால் சித்தப்பா சிரிப்பார். அதே வாக்கியம் மகனுக்கு வாட்ஸ்அப்பில் வந்தபோது அலுவலக நடைமுறையாகத் தெரிந்தது.

வரியும் இப்படித்தான். டிடிஎஸ் என்றால் பணம் கொடுக்கும் இடத்திலேயே பிடித்துக்கொள்வது என்று பொருள். ஆன்லைன் ஆட்டத்தில் ஜெயித்த நிகரத் தொகைக்கு 30 சதவீதம் பிடிக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் நிஜமாகவே வந்தது. அந்த 30-ஐத்தான் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதைப் பிடிக்க வேண்டியவர் பணம் கொடுப்பவர். பெறுபவர் முன்கூட்டிக் கொண்டுபோய்க் கட்டும் டிடிஎஸ் என்று ஒன்று கிடையாது. அதுவும் அந்த வரி ஜெயித்த தொகைக்கு. தம்பி ஜெயிக்கவே இல்லையே!

அமெரிக்காவில் 1995-இல் வந்த தொலைபேசி விற்பனை விதிகளில் இதற்கென்றே ஒரு பிரிவு வைத்தார்கள். இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகத் தொலைபேசி வழியே சொல்பவர், மீட்ட பணம் வாடிக்கையாளர் கைக்குப் போய் ஏழு வேலை நாள் ஆன பிறகுதான் கட்டணம் கேட்கலாம். முன்னால் கேட்பதே விதிமீறல். உரிமம் பெற்ற வழக்கறிஞரின் சேவைக்கு மட்டும் விலக்கு உண்டு. முப்பது வருடத்துக்கு முன்னால், வாட்ஸ்அப் வராத காலத்திலேயே, இந்த வித்தையின் உயிர்நாடி முன்கட்டணம்தான் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

திரையில் ஓடும் எண்ணும் முகவரியும்

தம்பி கடைசிவரை நம்பியதற்கு இன்னொரு காரணம் அந்தக் கணக்குப் பக்கம். அதில் அசோகச் சக்கரம், 'மீட்பு 72%' என்று நகரும் பச்சைக் கோடு, 'உங்கள் கோப்பு வங்கியின் பரிசீலனையில்' என்ற வரி எல்லாம் இருந்தன. நம்ம வகுப்பில் இரண்டாம் ஆண்டு மாணவர் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு பக்கத்தை ஒரே மாலையில் செய்துவிடுவார். அந்தப் பச்சைக் கோட்டுக்கும் எந்த வங்கிக்கும் தொடர்பு இல்லை. யாரோ எழுதி வைத்த ஓர் எண் அது, அவ்வளவுதான்.

இணைய முகவரியைப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. மனசு இடமிருந்து வலமாகப் படிக்கும். உரிமையாளரைத் தெரிந்துகொள்ள வலமிருந்து படிக்க வேண்டும். இந்த உதாரணத்தைப் பாருங்க:

```
https://cybercrime.gov.in.refund-help.example/login
```

தொடக்கத்தில் அரசு முகவரி போலவே இருக்கிறது. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால், வலது ஓரத்தில் இருப்பதைப் பாருங்க: `refund-help.example`. இந்தப் பக்கத்தின் சொந்தக்காரர் அதை வாங்கியவர்தான். இடதுபக்கம் எதை வேண்டுமானாலும் அவர் ஒட்டிக்கொள்ளலாம். அரசுத் தளம் என்றால் அந்த வலது ஓரம் `gov.in` அல்லது `nic.in` என்று முடியும்.

முகவரிக்கு எத்தனை நாள் வயது என்று பார்க்க, லினக்ஸ் முனையத்தில்:

```
whois refund-help.example | grep -i "creation date"
```

உதாரண முகவரிக்குப் பதிலாக உங்களுக்கு வந்த முகவரியின் அந்த வலது ஓரப் பகுதியைப் போடுங்க. தம்பிக்கு வந்ததை நான் போட்டுப் பார்த்தபோது ஆகஸ்ட் மாதக் கடைசியில் பதிவு செய்தது என்று காட்டியது. '12 வருட அனுபவம்' என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். இந்தச் சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. முகவரி புதிது என்றால் சந்தேகப்படலாம், பழையது என்பதால் நம்பிவிட முடியாது. பழைய முகவரியை விலைக்கு வாங்கவும் முடியும்.

இதைவிட எளிய சான்று யுபிஐ-யில் இருந்தது. பின் எண் போடுவதற்கு முன் பணம் பெறுபவரின் வங்கிப் பெயரைத் திரை காட்டும். தம்பியின் நாலு கட்டணமும் நாலு வெவ்வேறு தனிநபர் பெயருக்குப் போயிருந்தன. அரசுக் கட்டணம் என்று சொல்லிவிட்டு ஒரு தனிநபர் சேமிப்புக் கணக்கைக் காட்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

"நாங்க ஹேக்கர்ஸ், சர்வருக்குள்ள போய் பணத்தை எடுத்துடுவோம்" என்று சொல்பவர்களும் உண்டு. தம்பி விட்ட பணம் அந்தச் செயலியின் சர்வரில் இல்லை. அது வங்கிக் கணக்குகளில் இருந்தது, அங்கிருந்தும் கைமாறிவிட்டது. செயலியின் சர்வருக்குள் போனால் அதே மாதிரி இன்னொரு பச்சைக் கோட்டை வேண்டுமானால் பார்க்கலாம்.

1930-க்கு அழைத்தால் நடப்பது

ஏமாற்றி வாங்கிய பணத்துக்கு ஒரு நிஜமான வழி இருக்கிறது என்று சொன்னேன். அது 1930 என்ற எண், அல்லது `cybercrime.gov.in` தளம். தம்பியை அன்று ராத்திரியே 1930-க்கு அழைக்க வைத்தேன். கேட்டது மூன்றே விஷயம்: எந்தக் கணக்கிலிருந்து போனது, எப்போது போனது, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உள்ள 12 இலக்க யுபிஐ எண் என்ன. கட்டணம் கேட்கவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். புகார் பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். அந்தக் கணக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதை வங்கி நிறுத்திவைக்கும். அடுத்த வங்கிக்கு மாறியிருந்தால் தகவலும் அங்கே தொடரும். ஏடிஎம்-இல் எடுத்துவிட்டாலோ கிரிப்டோவாக மாற்றிவிட்டாலோ பாதை அங்கே அறுந்துவிடும். நிறுத்திவைத்த பணமும் தானாகத் திரும்பாது. அதற்கு நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம். அதற்கும் புகார் கொடுத்த காவல் நிலையத்தைத்தான் அணுக வேண்டும்.

இதிலிருந்தே புரிந்திருக்கும், எல்லாம் நேரக் கணக்கு. முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பிடிக்க ஏதாவது இருக்கும். தம்பியின் நாலு கட்டணத்தில் செப்டம்பரில் போன மூன்றுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. அக்டோபர் 6 சாயங்காலம் போன 27,900-இல் 11,000 ரூபாய் மட்டும் ஒரு கணக்கில் நிறுத்தப்பட்டது. அதற்கான உத்தரவுக்கு இன்னும் காத்திருக்கிறான். நிறச் செயலியின் 46,000-க்கும் புகார் கொடுத்தோம். பல மாதம் ஆகிவிட்டதால் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று காவலரே சொன்னார். ரம்மியில் தோற்ற 1,40,000-க்குப் புகாரே இல்லை. 'நூறு சதவீதம் கேரண்டி' என்றவர்களுக்கும் 'பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம்' என்றவருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்க. பணம் கேட்காதவர்தான் உண்மையைச் சொன்னார்.

புகார் கொடுத்த பிறகும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 'சைபர் கிரைம்ல இருந்து பேசறோம், உங்க பணம் பிடிபட்டுடுச்சு, ரிலீஸ் பண்ண கட்டணம்' என்று அடுத்த அழைப்பு வரலாம். அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஏப்ரலில் இப்படி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இணையக் குற்றப் புகார்களை வாங்கும் அவர்களுடைய பிரிவின் ஊழியர் என்று சொல்லிக்கொண்டே, ஏற்கெனவே ஏமாந்தவர்களைச் சிலர் அணுகியிருக்கிறார்கள். 2023 டிசம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்ததாக அதில் சொல்லியிருந்தார்கள். ஒருமுறை கட்டியவரின் எண் பட்டியலாகக் கைமாறும். அதனால் இப்படி அழைப்பு வந்தால் அதை வைத்துவிட்டு, புகார் ரசீது எண்ணோடு நாமே 1930-க்கோ காவல் நிலையத்துக்கோ அழைத்துக் கேட்க வேண்டும்.

'உங்க கணக்குக்கு ஒரு தொகை வரும், அதில் பாதியை வேறு கணக்குக்கு அனுப்புங்க' என்றாலும் செய்யக் கூடாது. வருவது இன்னொரு ஏமாந்தவரின் பணமாக இருக்கலாம். அவர் 1930-க்கு அழைத்ததும் முடங்குவது உங்கள் கணக்கு, விசாரணைக்குப் போவதும் நீங்கள்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

தம்பியிடம் நான் கேட்ட கடைசிக் கேள்வி இது. "போலீஸ்கிட்ட போனா ஆடினதுக்கு உன்னைத்தான் முதல்ல பிடிப்பாங்கன்னு அந்த ஆள் சொன்னான்" என்றான். இதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்யும் தமிழ்நாட்டின் 2022-ம் ஆண்டுச் சட்டத்தில் ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. 2025-ம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ஆனால் கட்டணம் வாங்கி ஏமாற்றியது இதிலிருந்து தனியான குற்றம். அரசு அதிகாரி போல நடித்து ஆன்லைனில் ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு இருக்கிறது. பயமாக இருந்தால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் முதலில் ஆலோசனை கேட்கலாம். அதற்கும் கட்டணம் இல்லை.

மறுநாள் காலையில் சித்தப்பாவிடம் நாங்கள் இருவரும் சேர்ந்து சொன்னோம். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். ரம்மியில் போனதைக் கேட்டு அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். 42,699 ரூபாய் அவருக்கு ஏறக்குறைய நாலு சேலைக் கூலி. கடைசித் தவணைக்காகத் தம்பி அம்மாவின் சங்கிலியை அடகு வைத்திருந்தான், அதுவும் அன்றுதான் வெளியே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த 999 கேட்டப்பவே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, 'அதுலயே கழிச்சுக்கச் சொல்லு'ன்னு சொல்லியிருப்பேனேடா" என்றார்.

சங்கிலியை மீட்க சித்தப்பாவும் தம்பியும் இப்போது மாதாமாதம் கட்டி வருகிறார்கள். தம்பி காலையில் கல்லூரி, சாயங்காலம் தறியில் அப்பாவுக்குக் கூட வேலை. அவன் செல்போனுக்கு இன்னும் வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது, 'உங்கள் பணம் தயார்' என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில் எழுதுவானாம்: 'கட்டணத்தை அதிலேயே கழித்துக்கொண்டு மீதியை அனுப்பவும்.' இதுவரை யாரும் அனுப்பவில்லை. அப்படிப் பதில் எழுதுவதால் எண் உபயோகத்தில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், எழுதாமல் தடுத்துவிடுவதே நல்லது என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் விடுதி அறையிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். திட்டுவதற்கு முன்னால் கடைசியாக எப்போது பணம் அனுப்பினார் என்று கேளுங்க. இன்றோ நேற்றோ என்றால் முதலில் 1930. கடன் பாரத்தில் மனம் உடைந்து போயிருந்தால் 14416, டெலி மானஸ், எந்த நேரமும் தமிழில் பேசலாம். மற்றதை எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.